வலை வீசிய படலமும் பரதவர் உரிமையும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், மலயத்துவச பாண்டியனின் மகளை மணந்த இறைவனைப் பாண்டியர் மருமகனாக்குகிறது. அரசுரிமையின் பெருமை அவ்வுறவில் நிற்கிறது. அந்நூலின் 57ஆம் படலமோ அவ்வுறவைக் கடற்கரைக்கும் வழங்குகிறது. மறைப்பொருளைக் கவனியாது கேட்ட உமை, சாபத்தால் குழந்தையாகிப் புன்னை நிழலில் பரதவர் தலைவனால் கண்டெடுக்கப்படுகிறாள். சுறாவாகிய நந்தியை வலைவீசிப் பிடித்துச் சிவபெருமான் அவளை மணக்கிறார்.

இதனையொத்த கதையே முத்துக்குளித்துறைப் பரதவரின் தோற்றக் கதையாகவும் வழங்கியுள்ளது. அவர்கள் வாயில் அது இரு விடைகளைத் தருகிறது. கொலைத்தொழில் என விலக்கப்பட்ட மீன்பிடிப்பை இறைவனே செய்துள்ளார். இறைவனுக்கு மகட்கொடை நேர்ந்த பெருமை பாண்டியனுக்கு மட்டும் உரியதன்று. எனினும், பரதவர் குடியில் வளர்வதையே புராணம் தண்டனையாகக் கருதுகிறது. அதனால்தான் இம்மறுப்பு வெளிப்பட ஒலிக்கவில்லை.