சுவரோடு அழுத்திய கட்டை: ஒரு கணக்கின் பலமும் அது மறைக்கும் கையும்

செங்குத்துச் சுவரோடு ஒரு கட்டையைக் கிடைமட்டமாக அழுத்திப் பிடித்தால், அது நழுவாதிருக்க வேண்டிய மிகக் குறைந்த விசை எவ்வளவு என்பது இயக்கவிதிப் பாடங்களில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. சுவர் திருப்பித் தரும் செங்குத்து எதிர்விசை N, அழுத்தும் விசை F-க்குச் சமம். எடையைத் தாங்குவது பரப்புகளிடையே எழும் நிலை உராய்வு. அது உராய்வுக் குணகம் μ-ஐ N-ஆல் பெருக்கிய அளவைத் தாண்டாது என்பதால் F குறைந்தது mg/μ ஆக வேண்டும். 2 கிலோ கட்டைக்கு, μ 0.4 எனில், எடை 19.6 நியூட்டன், வேண்டிய விசை 49 நியூட்டன்.

எதிர்விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற பழக்கத்தை உடைப்பது இக்கணக்கின் பலம். அதைவிடப் பெரிய பலன், கட்டையை 80 நியூட்டனால் அழுத்தினால் உராய்வு எவ்வளவு என்று கேட்கும்போது கிடைக்கிறது. μN என்று மனப்பாடமாக எழுதுபவருக்கு 32 நியூட்டன் வரும். அது எடையைவிட அதிகமாதலால் கட்டை தானே மேலேறியாக வேண்டும். உண்மையில் உராய்வு 19.6 நியூட்டனிலேயே நிற்கிறது, ஏனெனில் 32 என்பது அதன் உச்சவரம்பு மட்டுமே.

குறை, படத்தில் வரையப்படாத கையில் இருக்கிறது. உள்ளங்கையால் அழுத்தும்போது கட்டையின் மறுபக்கத்திலும் உராய்வு எழுந்து எடையில் பங்கேற்கிறது. அங்கும் குணகம் அதே 0.4 என்றால் 24.5 நியூட்டனே போதும், அதாவது கணக்குச் சொன்னதில் பாதி. அப்போது கை தரும் மொத்த விசை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் 'கிடைமட்டத் தள்ளல்' என்ற நிபந்தனையே குலைந்துவிடுகிறது. வகுப்பில் செய்துபார்க்கும் மாணவர் குறைந்த எண்ணைக் கண்டு குணகத்தைச் சந்தேகிக்கிறார்; சந்தேகிக்க வேண்டியது கையை.

1967 முதல் புனேயில் இயங்கும் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பால்பாரதியின் 12-ஆம் வகுப்பு இயற்பியல் நூல், இதே சமநிலையைத் திருவிழா 'மரணக் கிணற்றில்' காட்டுகிறது. அங்கே கை இல்லை. வட்டமாக ஓடும் வண்டியை உள்நோக்கி அழுத்துவது சுவரே, அதன் அளவு mv²/r. அது mg/μ-க்குக் குறையக்கூடாது என்பதிலிருந்து வேகம் √(rg/μ)-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று வருகிறது. ஆரம் 5 மீட்டர், μ 0.5, g 10 எனக் கொண்டால் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். நிறை சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடுவதால் பருமனானவருக்கும் மெலிந்தவருக்கும் ஒரே வேகம்தான். கட்டைக் கணக்கைவிட இது நேர்மையானது என்றே சொல்லலாம்.

ஆனால் இரண்டுமே பொருளைப் புள்ளியாகக் கொள்கின்றன. உராய்வு சுவரோரத்திலும் எடை பொருளின் நடுவிலும் செயல்படுவதால் பொருளைக் கவிழ்க்கும் திருப்புவிசை உண்டாகிறது. மோட்டார் சைக்கிள்காரர் முற்றிலும் கிடைமட்டமாகப் படுக்காமல் தலையைச் சற்று உயர்த்தியே ஓட்டுவது இதனால்தான். கட்டையின் அடியோரத்தை மட்டும் அழுத்தினால், F 49 நியூட்டனைத் தாண்டியிருந்தும், அதன் மேல்விளிம்பு சுவரை விட்டு விலகிச் சாய்கிறது.