ஒரே குறி, இரண்டு கோளாறு

எக்செல்லில் ஒரு பெயர் கட்டத்துக்குள் அடங்காவிட்டால், பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும்வரை அதன் மேல் வழிந்து நிற்கும். இல்லையென்றால் பாதியில் வெட்டுப்படும். எண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1,25,000.00 என்ற தொகை ஒடுங்கிய நெடுவரிசையில் ##### என்றே தெரியும். பார்க்க எரிச்சலாக இருந்தாலும், நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். வெட்டுப்பட்ட பெயரைப் பார்த்தால் வெட்டுப்பட்டது தெரியும். வெட்டுப்பட்ட தொகையோ வேறொரு தொகையாகவே தெரியும். 1,25,0 என்று நிற்பதை அவசரத்தில் 1,250 என்று படித்துவிட்டால் என்ன ஆவது? ##### தெரிந்தாலும் மதிப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது, கூட்டலும் சரியாகவே வரும். நெடுவரிசைத் தலைப்பின் வலது விளிம்பில் இரட்டைக் கிளிக் செய்தால் எண் வெளியே வந்துவிடும்.

என் குறை வேறு. தேதி அல்லது நேர வடிவமைப்பு கொண்ட கட்டத்தில் விடை எதிர்மமாக வந்தாலும் எக்செல் இதே குறியைத்தான் காட்டுகிறது. அதன் தேதிக் கணக்கு 1900-இல் தொடங்குகிறது. அதற்குக் கீழே போனால் காட்ட அதனிடம் தேதியில்லை.

ஓர் இரவுக் காவலாளியின் வருகைப் பதிவை எடுத்துக்கொள்வோம். A2-இல் வந்த நேரம் 22:00, B2-இல் போன நேரம் 06:00. C2-இல் `=B2-A2` என்று போட்டால் ##### வரும். பழக்கப்பட்ட கை உடனே நெடுவரிசையை விரிக்கும். விரித்த அகலம் முழுக்க இன்னும் அதிக #தான் நிரம்பும். கோளாறு அகலத்தில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். சுட்டியைக் கட்டத்தின் மேல் நிறுத்தினால் எதிர்ம நேரம் என்ற அறிவிப்பும் வரும். ஆனால் அச்சிட்ட தாளில் அதை எப்படிப் பார்ப்பது?

இதைவிட ஆபத்தானது கூட்டுத்தொகை. உள்ளே இருப்பது கழித்தல் 16 மணி நேரம். அவர் அந்த வாரத்தில் எட்டு மணி நேரப் பகல் பணி நான்கு நாள் பார்த்திருந்தால், மொத்தம் 40 மணி நேரம் வர வேண்டும். `[h]:mm` வடிவில் 16:00 என்று வரும். அந்தக் கட்டத்தில் # ஒன்றுகூட இருக்காது. ஓர் உழைப்பாளியின் 24 மணி நேரக் கூலி சத்தமில்லாமல் போய்விடும்.

பலரும் சொல்லும் மருந்து இது:

```
=MOD(B2-A2,1)
```

விடை 8:00, சரிதான். ஆனால் 09:00 வந்து 18:00 போனவருக்கு நேரங்களை யாராவது இடம் மாற்றி அடித்துவிட்டால், இதே சூத்திரம் 15:00 என்று தயங்காமல் காட்டும். பழைய சூத்திரத்தில் அந்தத் தவறு #####-ஆக நின்று கண்ணில் பட்டிருக்கும். 1904 தேதி முறைக்கு மாற்றினால் எதிர்ம நேரம் தெரியும். ஆனால் கோப்பில் ஏற்கெனவே உள்ள தேதிகளெல்லாம் 1,462 நாள் நகர்ந்துவிடும். எனவே வந்ததையும் போனதையும் தேதியோடு சேர்த்தே பதிவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் பிறகு வெறும் கழித்தலே போதும். வந்ததும் போனதும் தேதியோடு இடம் மாறினால் ##### வரும். அப்போது அது உண்மையான எச்சரிக்கை.