ஒட்டில் நின்ற ஆளும் இரட்டித்த கல்லுக்காலும்: ஹுகின், ஒரு மலைச்சோதனை

தலைச்சோலைப் பக்கம் காபித் தோட்டத்தை ஒட்டி, கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலி. அதற்கு அப்பால் காபிச் செடிகள், நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, அதற்கும் பின்னால் பள்ளத்தாக்கு. பனோரமா மென்பொருளைச் சோதித்துப் பார்க்கச் சேர்வராயன் மலையில் இப்படியோர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலி இரண்டு மீட்டரில் இருக்கிறது, மலைச்சரிவு ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது, இரண்டும் ஒரே படத்தில் ஒட்டியாக வேண்டும்.

போனை நிமிர்த்திப் பிடித்து, இடமிருந்து வலமாக நான்கு படங்கள் எடுத்தேன். போனிலேயே இருக்கும் பனோரமா வசதியை வேண்டுமென்றே தொடவில்லை. அது ஒட்டி முடித்த ஒரே படத்தைத்தான் கொடுக்கும். பிறகு ஒருவரை எடுக்க நினைத்தால், அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க மூலப்படம் இருக்காது. இரண்டாவது படத்தில் ஒருவர் ஒரு கல்லுக்காலுக்கு வலப்புறம் நின்றார். மூன்றாவது படம் எடுப்பதற்குள் அந்தக் கல்லுக்காலைத் தாண்டி இடப்புறம் வந்துவிட்டார். இரண்டு படங்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதியில்தான் அவர் இருந்தார். வீட்டுக்கு வந்து ஹுகினில் ஏற்றி அப்படியே ஒட்டியதும் தோளும் ஒரு கையும் மட்டும் வேலியோரம் மிதந்தன.

ஹுகின் இலவச மென்பொருள். படங்களைப் பொருத்துவது அது; ஒட்டைக் குழைத்து மறைப்பது எண்பிளெண்ட் என்ற துணைநிரல். இந்த வேலைக்கு முக்கியமானது ஹுகினின் Masks பக்கம். அங்கே படத்தின் மேல் பலகோணம் வரைந்து Exclude region என்று குறித்தால், அந்தப் பகுதி ஒட்டும்போது இல்லாததாகக் கருதப்படும். இரண்டாவது படத்தில் அவரைச் சுற்றி ஒன்று, மூன்றாவதில் ஒன்று என வரைந்தேன். நிழலையும் சேர்த்து வளைக்க வேண்டும். ஆள் போய் நிழல் மட்டும் காபிச் செடியின் மேல் கிடந்தால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இங்கே நடந்த திசை பெரிய விஷயம். கேமரா வலப்பக்கம் திரும்ப, ஆள் இடப்பக்கம் நடந்ததால், இடப்பக்கம் முழுவதையும் இரண்டாவது படத்திலிருந்தும் வலப்பக்கம் முழுவதையும் மூன்றாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அவர் நின்ற இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரே ஒரு ஒட்டு போதும். அவர் கேமராவோடு சேர்ந்து வலப்பக்கம் நடந்திருந்தால், படங்கள் மாறி மாறி வர வேண்டியிருக்கும். ஒரு ஒட்டு மூன்றாகும்.

அந்த நடு இடத்தில்தான் கல்லுக்கால் இருக்கிறது. ஆள் போய்விட்டார், ஆனால் ஒரு கல்லுக்கால் இரண்டாகிவிட்டது. கையில் பிடித்துத் திரும்பும்போது போன் தன் லென்ஸை மையமாக வைத்துச் சுழல்வதில்லை. நம் உடம்பைச் சுற்றி நகர்கிறது. லென்ஸ் 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், இரண்டு மீட்டரில் உள்ள கல் சுமார் 3 டிகிரி இடம்பெயரும். என் போனின் படத்தில் அது ஏறக்குறைய 150 பிக்சல். அதே நகர்வு, ஒரு கிலோமீட்டரில் உள்ள சரிவில் ஒரு பிக்சலைக்கூட எட்டாது. மலையை வைத்துப் படங்களைப் பொருத்தினால் வேலி பொருந்தாது, வேலியை வைத்துப் பொருத்தினால் மலை பிளக்கும். எந்த மென்பொருளாலும் சுழற்றி மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

அதனால் எதை வைத்துப் பொருத்துவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். Control Points பட்டியலில் வேலியின் மேலும் அவருடைய சட்டையின் மேலும் விழுந்திருந்த புள்ளிகளை நீக்கி, தூரத்துப் பாறை, மரம் ஆகியவற்றில் உள்ளவற்றை மட்டும் வைத்தேன். சில்வர் ஓக் மரங்களில் கவனம் தேவை. எல்லா மரமும் ஒன்றுபோல நேராக நிற்பதால், ஹுகின் சில சமயம் ஒரு மரத்தை அடுத்த மரத்தோடு பொருத்திவிடும். பட்டியலைப் பிழையளவுப்படி வரிசைப்படுத்தினால் அப்படிப்பட்ட புள்ளி மேலே வந்து நிற்கும்.

இரட்டித்த கல்லுக்காலுக்குப் பலரும் செய்வது, ஒரு படத்தில் உள்ள கல்லை Include region என்று குறிப்பது. அது பாதி மருந்துதான். அந்தக் குறிப்பு, கல் இருக்கும் அதே இடத்தில்தான் மற்றப் படத்தை விலக்கும். இரட்டையோ 150 பிக்சல் தள்ளி நிற்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது படத்தின் கல்லை வைத்துக்கொள்வதாக இருந்தால், இரண்டாவது படத்தின் கல்லை Exclude region ஆக்க வேண்டும். இரண்டையும் செய்த பிறகுதான் ஒரே ஒரு கல், அடிமுதல் நுனிவரை ஒரே படத்திலிருந்து வந்தது.

அடுத்து முள்கம்பி. ஒட்டு போகும் இடத்தில் கம்பி படிபோல இறங்கியிருந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே கை சற்று இறங்கினால் போதும்; 2 சென்டிமீட்டர் இறங்கினாலே கம்பி சுமார் 30 பிக்சல் விலகும். ஒட்டு எங்கே போகிறது என்பது ஹுகினின் முன்தோற்றத்தில் தெரியாது என்பதுதான் எனக்கு இதில் பிடிக்காத விஷயம். முழுப்படத்தையும் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எண்பிளெண்டைத் தனியாக ஓட்டினால், ஒட்டின் பாதையைக் கருப்புவெள்ளைப் படமாக வெளியே எடுக்கலாம்:

```
nona -m TIFF_m -o t_ thalai.pto
enblend --save-masks -o a.tif t_000*.tif
enblend --load-masks -o b.tif t_000*.tif
```

முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு நிறுத்தி, சேமித்த படத்தை ஜிம்ப்பில் திறந்து, கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையைத் தூரிகையால் நகர்த்திச் சேமித்தேன். பிறகு மூன்றாவது வரி. கம்பி காபி இலைகளுக்குள் மறையும் இடமாகப் பார்த்து எல்லையைத் திருப்பியதில், மூன்று கம்பிகளில் இரண்டு கச்சிதமாகச் சேர்ந்தன. வெறும் மூடுபனியின் முன்னால் போகும் மேல்கம்பிக்கு ஒளிய இடமில்லை. அதை மட்டும் ஜிம்ப்பின் Warp Transform கருவியால், ஒட்டுக்கு ஒருபக்கம் நீளமாக, மெல்ல இறக்கிச் சேர்த்தேன். ஒட்டின் அருகில் மட்டும் இழுத்தால் கம்பி முழங்கைபோல வளைந்துவிடும்.

முடிந்ததா என்று பார்க்கப் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கம்பியைக் கண்ணால் தொடர வேண்டும். அதோடு கல்லுக்கால்களையும் மரங்களையும் மூலப்படங்களோடு வைத்து எண்ண வேண்டும். இரண்டு கல் ஒன்றாவதும், ஒரு கல் காணாமல் போவதும் பார்வைக்கு இயல்பாகவே தெரியும், எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த முறை முழுவதும், அவர் மறைத்த இடம் வேறொரு படத்தில் தெரிகிறது என்பதை நம்பியது. இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றிருந்தால், இரண்டையும் விலக்கும்போது அங்கே ஓட்டைதான் விழும். பிறகு ஜிம்ப்பில் பக்கத்துச் செடியைப் பிரதியெடுத்து நிரப்ப வேண்டும். ஒரே இலைக்கொத்து இரண்டு இடத்தில் முளைக்கும் புதிய இரட்டிப்பு அப்போது தொடங்கும். ஹுகினை வைத்திருப்பவர் மலையில் செய்ய வேண்டியது, ஒட்டு வரும் இடத்தில் ஆள் நின்றால் படங்களைப் பாதிக்குப் பாதி படியவிட்டு எடுத்து, அவர் நகர்ந்ததும் நின்ற இடத்தை விட்டு அசையாமல் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்வது. அந்தப் படத்தில் கல்லுக்காலும் அதே இடத்தில் இருக்கும்.