ஒருமுறை உடுத்திய பட்டுக்கு என்ன விலை?

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவதுதான் வழக்கம். அப்படி எடுத்த புடவைகளில் பல, வரவேற்புக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ ஒருமுறை உடுத்தப்பட்டு, பிறகு பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை விற்கலாம் என்ற எண்ணம் இப்போது கூச்சமில்லாமல் பேசப்படுகிறது. அது நல்ல மாற்றமே. ஆனால் விலை சொல்லும் இடத்தில் பெரும்பாலான விற்பனைகள் முறிந்துவிடுகின்றன. விற்பவர் தான் கொடுத்த பணத்திலிருந்து கொஞ்சம் கழித்துச் சொல்கிறார். வாங்குபவரோ இன்று அதே பணத்துக்குப் புதிதாக என்ன கிடைக்கும் என்று பார்க்கிறார். இரண்டாவது கணக்குதான் சரியானது. அந்தக் கணக்கைச் சேலம் வட்டாரத்தில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால், இந்த மறுவிற்பனை வழக்கம் ஒரு குறிப்பிட்ட வகைத் துணிக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், அந்த வகைக்குள் அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நியாயமானது என்பதும் தெளிவாகும்.

முதலில் எது தேறாது என்று பார்ப்போம். சேலத்துக்கு மேற்கே இளம்பிள்ளை இருக்கிறது. விசைத்தறியில் ஓடும் செயற்கைப் பட்டும் சாஃப்ட் சில்க்கும் அங்கிருந்து தமிழகம் முழுவதும் போகின்றன. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குப் பளபளப்பான புதுச் சேலை, ரவிக்கைத் துணியோடு, மடிப்புக் கலையாமல் அங்கே கிடைக்கும். இப்படி ஒரு சந்தை மலையடிவாரத்திலேயே இருக்கும்போது, சென்னையில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கி ஒருமுறை கட்டிய சேலையை ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏற்காட்டில் யாரும் வாங்கமாட்டார்கள். சேலையில் குறை இருக்கிறது என்பதால் அல்ல. புதுசே அந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதால். தைத்த லெஹங்கா, சல்வார், குர்தா ஆகியவற்றுக்கு இன்னொரு தடையும் உண்டு. உடல் அளவு பொருந்தும் ஆளைத் தேட வேண்டும். ஆளே குறைவான மலையூரில் அந்தத் தேடல் எளிதாக முடியாது. ஐந்தரை மீட்டர் புடவைக்கு அளவுச் சிக்கல் கிடையாது. ஆகவே மறுவிற்பனைக்கு உண்மையில் தகுதியுள்ளது, இளம்பிள்ளை விலைக்கு நெய்ய முடியாத கைத்தறிப் பட்டு, அதிலும் அசல் ஜரிகைப் பட்டு.

அசல் ஜரிகை ஏன் முக்கியம்? பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றுவது அசல் ஜரிகை. காஞ்சிபுரத்தில் அரசு நடத்தும் தமிழ்நாடு ஜரிகை ஆலையின் ஜரிகையில் எடையில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு வெள்ளி, அரைப் பங்கு அளவில் தங்கம். மீதி செம்பும் பட்டும். அதனால் புடவை கிழிந்தாலும் அதற்குள் ஒரு உலோக மதிப்பு மிஞ்சுகிறது. தெருவில் பழைய பட்டு வாங்க வருபவர்கள் தேடுவதும் அதைத்தான். ‘டெஸ்டட்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ஜரிகையில் செம்புக் கம்பிக்கு மேல் மெல்லிய பூச்சுதான் இருக்கும். போலி ஜரிகையில் அதுவும் இல்லை, பாலியஸ்டர் பட்டைதான். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அசல் என்றால் உள்ளே பெரும்பாலும் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் இருக்கும். மேற்பூச்சைச் சுரண்டினால் வெள்ளை ஒளி தெரியும். சுரண்டிய இடம் செம்பு நிறமாகத் தெரிந்தால் டெஸ்டட். இழை நீண்டு நெளிந்து, நெருப்பில் உருகி உருண்டையானால் பிளாஸ்டிக். ஐயம் தீரவில்லை என்றால் நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர்க் கருவியில் சோதித்துக்கொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் விலைக்கு ஒரு கூரையும் ஒரு தரையும் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். இரண்டாண்டுக்கு முன் இருபதாயிரத்துக்கு எடுத்த அசல் ஜரிகைப் பட்டு, இன்று அதே தரத்தில் கடையில் இருபத்துநான்காயிரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்றம் கற்பனைக்காகச் சேர்த்தது அல்ல. 2025-இன் தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குள் இருந்த வெள்ளி, ஆண்டு முடிவில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அசல் ஜரிகையின் விலையும் அதனுடன் ஏறும். ஆனால் யாரும் கடைச்சீட்டு விலையைக் கொடுத்து வாங்குவதில்லை. ஆடித் தள்ளுபடி இருக்கிறது, கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைக் காலத் தள்ளுபடி இருக்கிறது. எனவே புதுசுக்கு வாங்குபவர் உண்மையில் கொடுப்பது இருபதாயிரம் என்று கொள்வோம். ரவிக்கைத் துணி ஏற்கெனவே வெட்டித் தைக்கப்பட்டுவிட்டதால், பொருத்தமான துணிக்கும் தையலுக்கும் ஆயிரத்து ஐந்நூறு, பாலிஷுக்கு ஐந்நூறு. ஆக, எல்லாம் சரியாக இருந்தாலும் கூரை பதினெட்டாயிரம். அங்கே விலை வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ஏனெனில் கடையில் மாற்றித் தரும் வசதி உண்டு, நூறு புடவையை விரித்துப் பார்க்கும் சுகம் உண்டு, புதுசு என்ற மகிழ்ச்சி உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்க வாங்குபவருக்குக் கணிசமான மிச்சம் தெரிய வேண்டும். கூரையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் பன்னிரண்டாயிரம். அதுதான் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம். தரையோ ஜரிகை எடையால் வரும். ஐம்பது கிராம் ஜரிகை என்றால் இருபது கிராம் வெள்ளி. கிராம் இருநூறு ரூபாய் என்றால் நாலாயிரம். உருக்குபவர் கூலியும் லாபமும் எடுத்தது போக இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு தருவார். டெஸ்டட் ஜரிகை என்றால் அந்தத் தரையும் கிடையாது.

இந்தப் பன்னிரண்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே விலையை முடிவு செய்வது வாங்குபவர்களின் தேவைதான். மலையில் அதற்கு ஒரு காலக்கணக்கு உண்டு. காபி பழுத்துப் பறிப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. கையில் பணம் புழங்கும் அந்தக் காலத்தை ஒட்டியே தை மாத முகூர்த்தங்களும் வருகின்றன. மார்கழியில் விலை கேட்டு வைத்துத் தையில் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை. சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்காகப் புதுத்துணி எடுப்பவர்கள் இருந்தாலும், அவர்கள் தேடுவது முகூர்த்தப் பட்டு அல்ல, கடைகளோ தள்ளுபடியில் போட்டியிடும். தேவாலயத் திருமணம் நடக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. வெள்ளை, சந்தன நிறப் பட்டுகளைத் தேடுபவர் எண்ணிக்கை சிறிதென்றாலும் அவர்களது தேவை உறுதியானது. தவக்காலத்தில் மட்டும் அது ஓய்ந்துவிடும். அடர் மெரூனும் அரக்கும் எல்லா வீட்டிலும் இருப்பதால் விற்பவர்களே அதிகம்.

காத்திருக்கலாமே என்று நினைப்பவருக்கு ஏற்காட்டின் ஈரம் எதிராக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மேலே, மாதக்கணக்கில் பனிமூட்டம் வீட்டுக்குள் நுழையும் ஊரில், பாலிதீன் உறையில் மூடி வைத்த பட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளி கறுத்து ஜரிகை மங்கும். ஒரே மடிப்பில் கிடந்த இடத்தில் இழை விடும். வாங்குபவர் பகல் வெளிச்சத்தில் மடிப்புக் கோட்டையும், தோளில் ஊசி குத்திய இடத்தையும், தரையில் உரசிய கொசுவத்தின் கீழ்விளிம்பையும், சந்தனம், குங்குமம் பட்ட கறையையும் பார்க்க வேண்டும். விற்பவர் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்திருந்தால் அந்தப் பராமரிப்பே விலையைத் தாங்கும். ஒருமுறைதான் உடுத்தினேன் என்ற சொல்லுக்கு அந்தப் பலம் கிடையாது; எத்தனை முறை என்பதைவிட எப்படி வைத்திருந்தார் என்பதையே பட்டு காட்டிக்கொடுக்கும்.

எதிர்வாதங்களில் முதலாவது, மங்கலத் துணியை விற்கலாமா என்பது. தாலி கட்டிய கூறைப்புடவையை விற்காமல் வைப்பது நியாயமான உணர்வு. அதைப் பணத்தால் அளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு கல்யாணத்தில் எடுக்கும் நாலைந்து பட்டுகளில் அது ஒன்றுதான். பிறர் உடுத்தியதை உடுத்துவதே தகாது என்ற எண்ணமும் எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லை. அம்மனுக்குச் சாத்திய புடவைகளைக் கோயில்களில் ஏலம் விடும்போது மக்கள் போட்டிபோட்டு எடுக்கிறார்கள். அது பிரசாதம் என்பதால் மனித உடையோடு அதை ஒப்பிட முடியாதுதான். என்றாலும், ஒருமுறை சாத்திய துணிக்கு ஏலத்தில் விலை பேசுவது நமக்குப் பழக்கமில்லாதது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது எதிர்வாதம், உறவினருக்கும் வீட்டு வேலைக்கு வருபவருக்கும் கொடுத்துவந்ததை விற்கத் தொடங்கினால் ஈகை குறையும் என்பது. இதில் உண்மை உண்டு. பன்னிரண்டாயிரம் ரூபாய் விலை, தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணுக்கு எட்டாது. மறுவிற்பனை ஏழைக்குப் பட்டுத் தரும் வழி என்று சொல்வது மிகை. அது நடுத்தரக் குடும்பத்திலிருந்து நடுத்தரக் குடும்பத்துக்கே போகிறது. ஆனால் இலவசமாகப் பெறுபவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. விலை கொடுத்து வாங்குபவருக்கு அந்த இரண்டும் உண்டு. ஈகையும் விற்பனையும் அருகருகே இருக்கலாம். ஒன்று மற்றொன்றின் பேரில் நடக்கக் கூடாது.

மூன்றாவதுதான் கனமானது: நெசவாளியின் பிழைப்பு. இருபதாயிரம் கொடுக்க முடியாதவர் பன்னிரண்டாயிரத்துக்குப் பழசு வாங்கினால், இழந்த புது விற்பனை ஏதுமில்லை என்று ஒரு தரப்பு சொல்லும். அது பாதி உண்மை. அவர் அதே பன்னிரண்டாயிரத்துக்கு ஜரிகை குறைந்த புதுக் கைத்தறிப் பட்டு எடுத்திருக்கலாம். அந்த விற்பனை தறிக்குப் போயிருக்கும். மறுபக்கம், விற்றவர் கையில் வந்த பணம் அடுத்த புடவைக்கே போக வாய்ப்பு அதிகம். பெரிய ஜரிகைப் பட்டை நெய்பவருக்கு இதில் நன்மை, இடைப்பட்ட விலைப் பட்டை நெய்பவருக்கு நட்டம் என்பதே நேர்மையான மதிப்பீடு. அதைவிடப் பெரிய கெடுதல், டெஸ்டட் புடவையை அசல் என்று கைமாற்றுவதால் வருகிறது. ஒருமுறை ஏமாந்தவர் புது அசலையும் நம்பாமல் விசைத்தறிச் சேலையோடு நின்றுவிடுவார்.

ஆகவே இந்த வழக்கத்தின் தரம் விற்பவரின் வெளிப்படைத்தன்மையைப் பொறுத்திருக்கிறது. வாங்கிய ரசீது, மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டை, கைத்தறி முத்திரை ஆகியவற்றைப் புடவையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சில்க் மார்க் பட்டுக்குத்தான் உறுதி, ஜரிகைக்கு அல்ல என்பதால் ஜரிகையின் வகையைச் சோதித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். கறையைக் காட்டிவிட்டு விலை பேச வேண்டும். இவ்வளவும் செய்தவர் கூரையில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கலாம். எதுவும் செய்யாதவர் உருக்கு விலையை ஒட்டித்தான் கேட்க வேண்டும். இந்த ஒழுங்கு வந்தால், மலையில் ஈரத்தில் கிடந்து இழை விடப்போகிற நல்ல பட்டு, அது கெடுவதற்குள் உடுத்த விரும்புகிறவரிடம் போய்ச் சேரும். இல்லையென்றால், இளம்பிள்ளையின் புதுச் சேலையே இந்த ஊருக்கு மலிவானதும் நேர்மையானதுமான வழி.