ஒரு நிமிடக் கணக்கு: குறுக்குவழித் தொடர்கள் தருவதும் தவறவிடுவதும்

குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால், கைப்பேசியில் ஒரு நிமிடக் கணக்கு வீடியோக்கள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடுகின்றன. முதல் நாள் 11-ஆல் பெருக்கல், அடுத்த நாள் 5-இல் முடியும் எண்ணின் வர்க்கம், அதற்கடுத்த நாள் வட்டிக் கணக்கு என்று தொடர் நீளும். எல்லாப் பகுதிக்கும் அச்சு ஒன்றுதான். 'பேனாவே தொடாமல் ஐந்து நொடியில் போடலாம்' என்ற அறிவிப்போடு தொடங்கி, ஒரு ட்ரிக்கைச் சொல்லி, அதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, கடைசியில் இன்னொரு கணக்கைக் கொடுத்து விடையைக் கமெண்டில் போடச் சொல்வார்கள். நாளை வேறு ட்ரிக், அதே அச்சு.

இந்த அச்சை நான் குறையாகப் பார்க்கவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுதுவோரில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவர்கள். கோச்சிங் சென்டருக்குப் போகப் பணமோ நேரமோ இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு நிமிடம் கிடைத்தால் அதில் ஒரு கணக்கு முடிந்துவிடுகிறது. தினமும் ஒரே வடிவில் வருவதால், எங்கே கேள்வி, எங்கே விடை என்று தேடவேண்டியதில்லை. கவனம் முழுவதும் புதிய செய்தியின் மேல் நிற்கிறது. 65-இன் வர்க்கத்துக்கு 6-ஐ அடுத்த எண்ணான 7-ஆல் பெருக்கி 42, பின்னால் 25 சேர்த்து 4225 என்று சட்டென்று சொல்ல முடிந்தவுடன், கணக்கைக் கண்டு ஒதுங்கியிருந்த ஒருவர் அடுத்த கணக்கையும் தொட்டுப் பார்க்கிறார். அந்தத் துணிச்சலை உண்டாக்குவது சின்ன வேலை இல்லை.

சிக்கல் அந்த ஒரு நிமிடத்துக்குள் எதைச் சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். அசல் 5,000 ரூபாய், ஆண்டு வட்டி 8 சதவீதம், இரண்டு ஆண்டுகளுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? வீடியோக்களில் வழக்கமாக வரும் ட்ரிக் இது: அசலை வட்டி வீதத்தால் இருமுறை பெருக்கு, 10,000-ஆல் வகு. 5,000 × 8 × 8 ÷ 10,000 = 32. விடை சரி. பார்த்தவர் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்.

இப்போது கேள்வியைச் சற்று மாற்றுவோம். அதே அசல், அதே 8 சதவீதம், காலம் ஓர் ஆண்டு. ஆனால் கூட்டுவட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ட்ரிக்கை மட்டும் கையில் வைத்திருப்பவர் திணறுகிறார். காலம் இரண்டு ஆண்டு இல்லை என்பதால் ட்ரிக் பொருந்தாது என்று கேள்வியை விட்டுவிடலாம். இல்லையென்றால் பழக்கத்தில் 8-ஐ இருமுறை பெருக்கி 32 என்று குறிக்கலாம். கேள்வி எடுப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் நான்கு விடைகளில் ஒன்றாக 32-ஐயும் வைத்திருப்பார். சரியான விடை 8.

தனிவட்டியும் கூட்டுவட்டியும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தவருக்கு இரண்டு கேள்வியும் ஒன்றுதான். முதல் தவணையில் இரண்டுக்கும் வட்டி சமம். இரண்டாம் தவணையில் கூட்டுவட்டிக்காரர் முதல் தவணை வட்டிக்கும் வட்டி வாங்குகிறார். வித்தியாசம் அந்த வட்டியின் வட்டி மட்டுமே. முதல் கேள்வியில் ஓர் ஆண்டு வட்டி 400. அதற்கு 8 சதவீதம் 32. இரண்டாவதில் அரையாண்டுக்கு வீதம் 4 சதவீதம், அரையாண்டு வட்டி 200. அதற்கு 4 சதவீதம் 8. கணக்கு முடிந்தது. மூன்று ஆண்டு என்று கேட்டாலும் இதே வழியில் போகலாம். முதல் ஆண்டு வட்டியான 400-க்கு இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் தலா 32 கிடைக்கும். இரண்டாம் ஆண்டின் 400-க்கு மூன்றாம் ஆண்டில் ஒரு 32. ஆக 96. இரண்டாம் ஆண்டில் பிறந்த 32-க்கும் மூன்றாம் ஆண்டில் 8 சதவீதம் உண்டு, அது 2.56. மொத்தம் 98.56. இதற்கென்று தனியாக இன்னொரு நீண்ட சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் வீடியோவும் வருகிறது. அது தேவையே இல்லை.

இங்கே காரணத்தைச் சொல்ல ட்ரிக்கைவிட அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'வட்டிக்கு வட்டிதான் வித்தியாசம்' என்று சொல்ல ஐந்து நொடி போதும். 'விளக்கம் சொல்ல நேரம் இல்லை' என்ற சாக்கு பெரும்பாலான பகுதிகளுக்குச் செல்லாது. அச்சில் விளக்கத்துக்கு இடம் ஒதுக்காததுதான் உண்மையான காரணம்.

பல தொடர்கள் 'வேதக் கணிதம்' என்ற பெயரைச் சூட்டிக்கொள்வதும் இந்த விளக்கமின்மையை வளர்க்கிறது. அந்தப் பெயரில் வழங்கும் முறைகள் பூரி சங்கராசாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைந்த பிறகு 1965-இல் வெளியான நூலிலிருந்து வருபவை. நமக்குக் கிடைத்திருக்கும் வேத நூல்களில் அந்தச் சூத்திரங்கள் இல்லை என்பதைக் கணித அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். முறைகள் பயன்படுகின்றன என்பது உண்மை. அவை எல்லாம் பள்ளி இயற்கணிதத்தால் விளக்கக்கூடியவை. ஆனால் வேதத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் 'ஏன் இப்படி' என்று கேட்கத் தோன்றாது. மாணவருக்கு உண்டாகும் நஷ்டம் அதுதான்.

அடுத்த குறை, எடுத்துக்காட்டு எண்களைத் தேர்ந்தெடுப்பதில். ட்ரிக் அழகாக வேலை செய்யும் எண்ணே எப்போதும் திரையில் வரும். இலக்கக் கூட்டல் முறை இதற்கு நல்ல சான்று. 347 × 68 என்ன என்று கேட்டால், 3+4+7 = 14, அதைக் கூட்டினால் 5; 6+8 = 14, அதுவும் 5. இரண்டையும் பெருக்கினால் 25, கூட்டினால் 7. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 7 வரவேண்டும். 23586-க்கு 6 வருகிறது, 23696-க்கு 8 வருகிறது, இரண்டையும் அடித்துவிடலாம். 23596-க்கு 7 வருகிறது, அதுவே விடை. பெருக்காமலே விடை கிடைத்துவிட்டது என்று வீடியோ முடியும்.

விடைகளில் 23956 என்று ஒன்று இருந்தால்? இலக்கங்கள் அதேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. கூட்டினால் அதற்கும் 7. கடைசி இலக்கத்தை வைத்துச் சோதித்தாலும் இரண்டும் 6-இல்தான் முடிகின்றன. இந்த முறை உண்மையில் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பார்ப்பது. 10, 100, 1000 எல்லாம் 9-ஆல் வகுத்தால் 1 மீதி தருபவை. அதனால் ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் மீதிக்கு வேறுபாடு தெரியாது. 0 இருக்கவேண்டிய இடத்தில் 9 இருந்தாலும் தெரியாது. ஆக இது தவறான விடைகளை விலக்கும் முறை. சரியான விடையை உறுதிசெய்யும் முறை அன்று. வங்கித் தேர்வில் வரும் தோராய மதிப்புக் கேள்விகளில் எண்களை முழுமையாக்கிவிடுவதால் அங்கே இதற்கு வேலையே இல்லை. இந்த எல்லைகளைச் சொல்லும் பகுதியைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் 347 என்பது 350-க்கு 3 குறைவு. 350 × 68 = 23,800; அதில் 3 மடங்கு 68 ஆன 204-ஐக் கழித்தால் 23,596. சோதனை எதுவும் தேவைப்படாத நேர்வழி இது.

நொடிகளைச் சேமிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரூப் 4-இல் 200 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம், சராசரி 54 நொடி. அதில் கணக்கும் திறனறிவும் 25 கேள்விகள். தமிழ்ப் பகுதியை விரைவாக முடிக்கிறவருக்குக் கணக்குக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கும். அங்கே முக்கியம், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்வது. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் நிலை வேறு. கணக்குப் பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு 35 நொடிகூட இல்லை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். வேகமும் வேண்டும், தவறும் கூடாது. இந்த இரண்டு தேர்வுக்கும் ஒரே தொடரை 'எல்லாப் போட்டித் தேர்வுகளுக்கும்' என்று தலைப்பிட்டு வெளியிடுவது மாணவரைக் குழப்பும். எந்தத் தேர்வாக இருந்தாலும் தாளில் எழுதிப் பார்க்க இடமுண்டு என்பதால், பேனா தொடாமல் என்ற பெருமைக்கும் பயனில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாக நான் கருதுவது தலைப்பை. 'கூட்டுவட்டி ட்ரிக்' என்று தலைப்பிட்ட வீடியோவில் எந்த ட்ரிக்கைப் போடவேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். தேர்வுத் தாளில் கேள்விக்குத் தலைப்பு இருக்காது. விகிதம், வேலை நேரம், மீ.சி.ம., கன அளவு எல்லாம் கலந்து வரும். முப்பது பகுதிகளையும் பார்த்து, ஒவ்வொன்றின் கடைசிக் கணக்கையும் சரியாகப் போட்டவர் மாதிரித் தேர்வில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். முறை அவருக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு எந்த முறை என்று கண்டுபிடிக்க அவர் ஒருநாளும் பழகவில்லை.

இதைச் சரிசெய்ய அச்சை உடைக்க வேண்டாம், மாற்றி வார்த்தால் போதும். கேள்வியைத் தலைப்பில்லாமல் திரையில் நிறுத்தி, பத்து நொடி பேசாமல் விடலாம். பிறகு இருபது நொடி, காரணத்தோடு வழி. அடுத்த பதினைந்து நொடியில் அதே கேள்வியில் ஒரு சொல்லையோ எண்ணையோ மாற்றி, வழி எங்கே உடைகிறது என்று காட்டலாம். மிஞ்சும் பதினைந்து நொடியில் நான்கு நாளுக்கு முன் வந்த வேறு பாடத்துக் கணக்கு ஒன்று. முப்பது ட்ரிக்குக்கு முப்பது பகுதி என்பதை விட்டுவிட்டு, ஆறு கருத்துக்குத் தலா ஐந்து பகுதி என்று வைத்தால் ஒவ்வொன்றும் பல முகத்தோடு திரும்பி வரும். 11-ஆல் பெருக்கலை நான் அந்த ஆறில் சேர்க்கமாட்டேன். பார்க்க அழகு, தாளில் வருவது அரிது. பின்னத்துக்கும் சதவீதத்துக்கும் உள்ள உறவை முதலில் வைப்பேன். 37.5 சதவீதம் என்பது எட்டில் மூன்று என்று தெரிந்தால் 648-இல் 37.5 சதவீதம் 243 என்று உடனே வரும். லாபம், தள்ளுபடி, வட்டி என்று எங்கே போனாலும் அது கூடவே உதவும்.

அச்சு மாறும்வரை மாணவர் காத்திருக்கத் தேவையில்லை. வீடியோ முடிந்ததும் அடுத்ததற்குத் தள்ளிவிடாமல் நிறுத்துங்கள். அதே கணக்கில் ஆண்டை அரையாண்டாக்கி, அல்லது எண்ணை மாற்றி, தாளில் போட்டுப் பாருங்கள். அதே விடையை நேர்வழியில் பெருக்கியோ கூட்டியோ சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவராத ட்ரிக்கைத் தேர்வு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.