ஒப்பமும் அதிகாரமும்

கனிட்ட லிகிதர் ஒருவர், முக்கிய கட்டளையொன்றில் அதிகாரமற்ற உத்தியோகத்தர் ஒப்பமிட்டிருப்பதைக் கண்டறிகின்றார். இப்பொருள்கொண்ட சிறுகதைக்கு உயிர்நிலை யாது? கள்ள ஒப்பமெனின் அது துப்பறியுங் கதையாய் முடியும். ஒப்பம் மெய், அதிகாரமே இல்லை என்னுமிடத்திலேதான் இலக்கியம் தொடங்குகின்றது.

பொகவந்தலாவைத் தோட்டமொன்றைக் களனாக்குவோர்க்கு மலைநாட்டு வரலாறே வழிகாட்டும். மடுல்கலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பயின்ற பிறேஸ்கேடில், பின்னர்த் தொழிலாளர்க்காக மேடையேறிப் பேசினார். 1937 ஏப்பிரலில், அவர் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமெனத் தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். அதற்கு ஆதாரமாகக் கொண்டது 1896ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டந் தரும் அதிகாரம் போர் முதலிய நெருக்கடிக் காலத்திற்கே உரியது எனப் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் மே மாதத்தில் தீர்த்து, அவரை விடுவித்தது.

ஆகவே, கதையின் லிகிதர் உற்றுநோக்கவேண்டியது ஒப்பத்தையன்று. அதற்குமேற் குறிக்கப்பட்ட சட்டப்பிரிவையே. கண்டபின்னும் கட்டளையை நீக்க அவரால் இயலாது. அது நீதிமன்றத்தின் பணி. அதுவரை லயத்தைவிட்டு வெளியேறவேண்டியவன் தொழிலாளி. கோவையை முன்வைக்கவேண்டியதோ ஒப்பமிட்ட அதே துரையிடம்! கண்டுபிடிப்போடு முடியுங் கதை பாதிக்கதையே. அக்கோவையை ஏந்திய கை துரையின் வாயிலில் என்செய்தது என்பதே மறுபாதி.