சட்டியும் அகப்பையும்

“‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’, இதற்கு என்ன பொருள்?” என்று யாராவது கேட்டால், நான் முதலில் அகப்பையைத்தான் காட்டுவேன். எவர்சில்வர் கரண்டியோடு வளர்ந்தவருக்கு அந்தப் படம் தெரியாது. கொட்டாங்குச்சியின் விளிம்புக்கருகே எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, மூங்கில் குச்சியைச் செருகினால் அகப்பை. மண்சட்டிக்கு அதுவே ஏற்ற துணை. இரும்புக் கரண்டி சட்டியைச் சிதைக்கும், கொட்டாங்குச்சி அப்படிச் செய்யாது.

இனி பந்தியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். சட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. மண் ஒளியை ஊடுருவ விடாது, வாயும் உயரத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரிவதெல்லாம் இலைக்கு வரும் அகப்பை மட்டுமே. கேட்பவர் அகப்பையைப் பார்த்துக் குறைப்படுகிறார், பரிமாறுகிறவருக்குச் சட்டி தெரியும். இந்தப் பழமொழியின் அழகு முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கடன் கேட்டு வந்தவரிடம் சொன்னால் சட்டி என்பது பணப்பை. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் சொன்னால் அது மாணவனின் தலை. பெரிய மனிதர் வாயிலிருந்து மட்டமான பேச்சு வந்தபோது சொன்னால் அது அவர் மனசு. அதனால் விளக்கம் கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: “யார், யாரிடம், எப்போது சொன்னார்?”

இதற்கிடையில் இன்னொரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. “சட்டி என்பது சஷ்டி, அகப்பை என்பது கருப்பை. சஷ்டி விரதம் இருந்தால் கரு உண்டாகும் என்பதே உண்மையான பொருள், நாம்தான் திரித்துவிட்டோம்” என்பார்கள். கேட்டவுடன் நம்பத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சஷ்டியைத் தமிழில் ‘சட்டி’ என்று எழுதுவது வழக்கம்தான். பிள்ளைவரம் வேண்டிச் சஷ்டி விரதம் இருப்பதும் உண்மைதான். அந்த நம்பிக்கையின் மேல் எனக்கு மதிப்பும் உண்டு. ஆனாலும் இந்தப் பழமொழிக்குள் அது பொருந்தவில்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இதே பழமொழியைச் ‘சட்டியில் உள்ளதுதான் அகப்பையில் வரும்’ என்றும் மக்கள் சொல்கிறார்கள். அங்கே சஷ்டியை வைத்துப் பாருங்கள். ‘சஷ்டியில் உள்ளதுதான்’ என்றால் ஒன்றும் விளங்காது, மண்சட்டியை வைத்தால் உடனே நிமிர்ந்து நிற்கிறது. அடுத்து, ‘விரதம்’ என்ற சொல்லே வராமல் ‘சஷ்டியில் இருந்தால்’ என்று சொல்வது தமிழ்ப் பேச்சின் நடை அல்ல. கடைசியாக வழக்கு. கடன் கேட்டவரிடமும் தேர்வில் தோற்ற பையனிடமும் இதைச் சொல்கிறோம். பிள்ளை வேண்டி நிற்கும் பெண்ணுக்கு ஆலோசனையாக இதைச் சொல்லிக் கேட்டவர் உண்டா?

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. வளைகுடா அரபு மக்களிடம், பானையில் இருப்பதை அகப்பை வெளியே எடுத்துவிடும் என்ற பொருளில் ஒரு பழமொழி உண்டு. எகிப்தியரிடமும் இதன் உறவுக்காரன் இருக்கிறான். சஷ்டி விரதமே இல்லாத அந்த அடுப்படியிலும் இதே பானை, இதே அகப்பை. ஆனால் படம் ஒன்றாக இருந்தும் குறிப்பு வேறு: அங்கே, மறைத்து வைத்தது ஒருநாள் வெளியே வந்துவிடும் என்பதற்கே பெரும்பாலும் சொல்வார்கள். நம்முடைய ‘உள்ளதுதான்’ வடிவம் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ‘இருந்தால்தானே’ வடிவமோ இல்லாமையைப் பேசுகிறது. ஒரே ‘ஆல்’ விகுதி, பழமொழியின் முகத்தையே திருப்பிவிடுகிறது. அந்த நுட்பம்தான் என்னை மயக்குகிறது.

மொழிபெயர்க்கும்போது இழந்துவிடக் கூடாததும் அந்த ‘ஆல்’தான். ஆங்கிலத்தில் இதற்கு ஈடாகப் பலர், கல்லிலிருந்து ரத்தம் எடுக்க முடியாது என்ற பழமொழியைக் கொடுக்கிறார்கள். கடன் கேட்ட இடத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தலாம். மட்டமாகப் பேசிய பெரிய மனிதருக்கு அறவே பொருந்தாது, அவர் சட்டியில் ஏதோ இருந்து வந்திருக்கிறதே! கடன் விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. கல்லில் ரத்தம் என்றுமே இருந்ததில்லை. சட்டியில் இன்று இல்லை, அவ்வளவுதான். காலையில் இருந்திருக்கலாம், நாளை உலை வைத்தால் மறுபடி நிறையும். கடன் தர இயலாது என்று சொல்கிறவருக்கு இந்தப் பழமொழி கௌரவத்தைத் தருகிறது. அதனால் படத்தை அப்படியே சொல்லி, எந்த இடத்தில் சொன்னது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக் கொடுப்பதே எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு. ஈடான பழமொழி தேடி அலைய வேண்டியதில்லை. பானையில் கிண்டி அள்ளிப் பரிமாறும் எந்த நாட்டவருக்கும் மீதி தானே விளங்கிவிடும்.